வாகன அட்வான்ஸ் கேட்டு கம்பனிக்கு லெட்டர் எழுதுறது: எக்கவுண்ட்ஸ் பக்கத்தில இருந்து பாத்த ஒராளின்ட முழு வழிகாட்டி

நான் கொழும்பில ஒரு கம்பனியில பேரோல் பாக்கிற ஆள். மாசம் முடிய சம்பளம் போடுறது, இ.பி.எஃப். கட்டுறது, ஆருக்கு என்ன கட் பண்ணோணும் எண்டு பாக்கிறது, இதுதான் வேலை. லோன், அட்வான்ஸ் கேட்டு வாற லெட்டர் எல்லாம் கடைசியில என்ர மேசைக்குத்தான் வரும், ஏனெண்டா டிரெக்டர் கையெழுத்து வைக்க முதல் "இவருக்கு இதைக் கட்டேலுமா" எண்டு ஒரு குறிப்பு நான் எழுதிக் குடுக்கோணும். அதால எந்த லெட்டர் ஏன் திரும்பிப் போகுது எண்டு நல்லா தெரியும். என்ர முதல் லெட்டரே திரும்பி வந்ததுதான், அது வேற கம்பனி, அப்ப எனக்கு 24 வயசு, மூண்டு பக்கத்துக்கு வீட்டுக் கஷ்டம் எல்லாம் எழுதி, எவ்வளவு காசு வேணும் எண்டதைக் கடைசிப் பக்கத்தில ஒரு மூலையில போட்டிருந்தன், எப்பிடித் திருப்பிக் கட்டுவன் எண்டு ஒரு வரிகூட இல்ல. மனேஜர் அதைப் பாத்திட்டு "தம்பி, இதில நான் என்னத்த அப்ரூவ் பண்ணுறது" எண்டு கேட்டார். அந்தக் கேள்வியைத்தான் இண்டைக்கும் ஒவ்வொரு லெட்டரிலயும் கேட்டுப் பாக்கிறன்.

இதில ஒரேயொரு கேஸை எடுத்து முழுசா சொல்லுறன். எங்கட சேர்விஸ் டெக்னீசியன் ஒரு பொடியன், வத்தளையில இருந்து வாறவன், ஏசி ரிப்பேர் வேலை. கஸ்டமர் வீடு கொட்டாஞ்சேனையிலயும் இருக்கும், வெள்ளவத்தையிலயும் இருக்கும், தெஹிவளையிலயும் இருக்கும். பஸ்ஸில போய், அவசரமெண்டா த்ரீவீல் பிடிச்சு, பில்லை வவுச்சரோட குடுத்துக் காசு எடுப்பான். அவனுக்கு ஒரு செக்கண்ட் ஹேண்ட் பைக் வேணும், அதுக்கு கம்பனியிட்ட 3 லட்சம் கேக்கோணும். (இலக்கங்களைக் கொஞ்சம் மாத்தித்தான் போடுறன், கணக்கு செய்யிற முறைதான் முக்கியம்.)

முதல்ல, கேக்கிறது என்னத்தை எண்டு தெளிவாகுங்கோ

கன பேர் "வெஹிக்கிள் அலவன்ஸ் தாங்கோ" எண்டு எழுதிப்போட்டு உள்ளுக்க அட்வான்ஸைப் பற்றி எழுதியிருப்பினம். அலவன்ஸ் எண்டா மாசாமாசம் சம்பளத்தோட வாற கொடுப்பனவு, அதைத் திருப்பிக் குடுக்கிறேல்ல. அட்வான்ஸ், அதாவது முற்பணம், ஒரேயடியா வாங்கி சம்பளத்தில இருந்து தவணையாக் கழியிறது. மைலேஜ் க்ளெய்ம் எண்டது மூண்டாவது சாமான், கம்பனி வேலைக்கு ஓடின கிலோமீட்டருக்கு வாற காசு. மூண்டையும் ஒரே லெட்டருக்க கலந்தா, டிரெக்டர் "இவன் எல்லாத்தையும் கேக்கிறான்" எண்டு நினைச்சுப்போடுவார். லெட்டரில அட்வான்ஸை மட்டும் கேளுங்கோ, மைலேஜ் ஏற்கெனவே கம்பனியில இருக்கிற நடைமுறையெண்டா அதைக் கணக்குக்கு மட்டும் எடுங்கோ.

அரசாங்க வேலைக்காரருக்கு இந்த வழி பொருந்தாது, அவைக்கு தாபன விதிக்கோவையில 24ஆம் அத்தியாயம் இருக்கு, படிவமும் அவையின்டதான். இது பிரைவேட் கம்பனிக்கு, அதிலயும் எழுதி வைச்ச லோன் ஸ்கீம் ஒண்டும் இல்லாத, முதலாளியின்ட முடிவுதான் சட்டம் எண்டிருக்கிற கம்பனிக்கு. கொழும்பில எங்கட ஆக்கள் கனபேர் வேலை செய்யிறது அப்பிடியான இடங்களிலதானே. எச்.ஆரில ஒரு லோன் போர்ம் இருந்தா அதை நிரப்பி, கீழ சொல்லுற லெட்டரை அதோட பின் பண்ணிக் குடுங்கோ.

பேனை எடுக்க முதல் கணக்கு

மேசையில மூண்டு சாமான் இருக்கோணும்: கடைசி மூண்டு மாச சம்பளச் சிலிப், கடைசி மூண்டு மாச த்ரீவீல் வவுச்சர் கொப்பி, பைக்கின்ட விலை பற்றி ஏதாவது எழுத்தில ஒண்டு.

சம்பளச் சிலிப்பில தொடங்குவம். பொடியனுக்கு அடிப்படைச் சம்பளமும் நிலையான அலவன்ஸும் சேத்து 80,000. எங்கட கம்பனியில முழுத்தொகைக்கும் இ.பி.எஃப். வெட்டுறம், அவன்ட பங்கு 8 வீதம், 6,400 போகுது. வெல்ஃபெயாருக்கு 500. சித்திரைப் புதுவருசத்துக்கு வாங்கின பண்டிகை முற்பணம் 25,000, மாசம் 2,500 படி பத்துத் தவணை, அது 2026 பெப்ரவரியோடதான் முடியும். ஆகக் கையில வாறது 70,600. ஓவர்டைமை நான் வேணுமெண்டேதான் சேக்கேல்ல, நீங்களும் சேக்காதேங்கோ. ஓவர்டைம் வாற மாசத்தை வச்சுத் தவணை போட்டா, வேலை குறைஞ்ச மாசம் சாப்பாட்டுக் காசில கை வைக்கவேண்டி வரும், எக்கவுண்ட்ஸ்காரருக்கும் அது தெரியும்.

அவன் கேக்க நினைச்ச தவணை 12,500. பழைய கழிவுகளோட சேத்தா மாசம் மொத்தம் 21,900 வெட்டுப்படும், 80,000இல அது 27 வீதத்துக்குக் கொஞ்சம் கூட. எங்கட இடத்தில 40 வீதத்துக்கு மேல வெட்டவேண்டாம் எண்டொரு பழக்கம், அரசாங்கத்திலயும் சம்பளக் கழிவுக்கு 40 வீத எல்லை பாக்கிறவை. கடை, காரியாலய ஊழியர் சட்டத்திலயும் சம்பளத்தில எதை வெட்டலாம், எவ்வளவு வெட்டலாம் எண்டதுக்கு எல்லை இருக்கு, அதால முதலாளி ஓமெண்டாலும் பேரோல் ஆள் "ஏலாது" எண்டு சொல்லுற நேரமும் வரும். இந்த வீதத்தை நீங்களே போட்டு லெட்டரில எழுதிட்டீங்களெண்டா என்ர வேலையில பாதி முடிஞ்சுது, நான் சரி பாத்து டிக் போட்டிடுவன்.

பிறகு பைக். 2020 மார்ச்சில இறக்குமதி நிப்பாட்டினதோட பழைய வண்டி விலை எல்லாம் ஏறினது எல்லாருக்கும் தெரியும், 2025 பெப்ரவரியில தனியார் வாகன இறக்குமதியைத் திறந்த பிறகும் புது விலையைப் பாத்தா தலை சுத்துது, அதால பொடியன் செக்கண்ட் ஹேண்டுக்கே போனான். பாத்த வண்டி 420,000. பேர் மாத்துற செலவு, இன்சூரன்ஸ், ஒரு டயர், ஹெல்மெட் எல்லாம் 30,000 எண்டு வச்சான். மொத்தம் 450,000. அவன்ட சேமிப்பு 150,000. கேக்கிறது 300,000.

அந்த 150,000 இருக்கே, அதுதான் லெட்டரின்ட முதுகெலும்பு. மூண்டில ஒரு பங்கு தன்ட காசைப் போடுறவன் வண்டியை விட்டிட்டு ஓடமாட்டான் எண்டொரு நம்பிக்கை வரும். முழுக்காசையும் கம்பனியிட்டக் கேட்ட லெட்டர் எங்கட இடத்தில பாஸானதை நான் காணேல்ல.

கம்பனிக்கு என்ன லாபம், அதைக் கூட்டியும் சொல்லக்கூடாது குறைச்சும் சொல்லக்கூடாது

இந்தப் பகுதியிலதான் நிறையப் பேர் விட்டுப்போடுவினம். "பைக் இருந்தா வேலையை வினைத்திறனாகச் செய்யலாம்" எண்டு ஒரு வரி, அவ்வளவுதான். அதை வாசிச்சு ஆரும் செக் எழுதமாட்டினம்.

பொடியன்ட த்ரீவீல் வவுச்சர்: ஜூன் 21,300, ஜூலை 24,600, ஓகஸ்ட் 22,500. மூண்டையும் கூட்டிப் பிரிச்சா மாசம் 22,800. பைக்கில போனா எவ்வளவு ஓடும்? ஜொப் ஷீட்டில இருக்கிற அட்ரஸுகளை மேப்பில போட்டு, பஸ்ஸில போனதையும் சேத்துப் பாத்தான், மாசம் 450 கிலோமீட்டர் வந்துது. கம்பனி மைலேஜ் கிலோமீட்டருக்கு 28 ரூபா, அப்ப 12,600. முதல்ல அவன் எழுதிக்கொண்டு வந்தது "மாசம் 10,200 மிச்சம்" எண்டு. நான் கேட்டன், "கம்ப்ரஸரைப் பைக்கில எப்பிடி ஏத்துவாய்? ஒக்டோபர், நவம்பர் மழைக்கு என்ன செய்வாய்?" யோசிச்சான். பெரிய பார்ட்ஸ் கொண்டுபோற நாளுக்கும் கொட்டுற மழைக்கும் மாசம் 3,000 த்ரீவீலுக்கு விட்டான். அப்ப மிச்சம் 7,200. இரண்டு வருசத்தில 172,800.

தொகை குறைஞ்சதுதான், ஆனா லெட்டர் பலமாகினது அந்த இடத்திலதான். டிரெக்டர்மார் பில் பாத்துப் பழகின ஆக்கள், அவை முதல்ல தேடுறது எங்க ஊதியிருக்கு எண்டுதான், நீங்களே குறைச்சுக் காட்டினா மற்ற இலக்கங்களையும் நம்புவினம்.

அடுத்த கேள்வியை அவை வாயால கேக்கமாட்டினம், மனசுக்க கேப்பினம்: "இந்த 3 லட்சம் எங்கட கையில இருந்தா வட்டி வருமே?" அதுக்கும் ஒரு சின்னக் கணக்கு இருக்கு. மாசாமாசம் கழிஞ்சு வாறதால இரண்டு வருசமும் 3 லட்சம் முழுசா வெளியில நிக்கிறேல்ல, சராசரியாப் பாத்தா 156,250தான் நிக்கும் (முதல் மாச மீதி 300,000, கடைசி மாச மீதி 12,500, இரண்டையும் கூட்டிப் பாதி). வருசத்துக்கு 10 வீத வட்டி எண்டு வச்சாலும் இரண்டு வருசத்துக்கு 31,250. மிச்சம் பிடிக்கிற 172,800இல அதைக் கழிச்சாலும் கம்பனிக்கு 141,000க்கு மேல நிக்குது. இதை லெட்டரில எழுதாதேங்கோ, முதலாளிக்குக் கணக்குப் படிப்பிக்கிற மாதிரி ஆகிடும். ஒரு துண்டில எழுதி சட்டைப் பையில வச்சுக்கொள்ளுங்கோ, கூப்பிட்டுக் கேட்டா எடுங்கோ.

"ஏன் லீசிங் போகேல்ல?" எண்டது கட்டாயம் வரும். அதுக்கு மறுமொழி லெட்டரிலயே இருக்கோணும், ஒரே வரியில. பொடியன் ஒரு லீசிங் கம்பனியில கொட்டேஷன் எடுத்திருந்தான், 3 லட்சத்துக்கு 24 மாசம், மாசம் 16,500, மொத்தம் 396,000. வட்டி 96,000. கொட்டேஷன் கொப்பியை இணைச்சிட்டு பேசாம விட்டாலே காணும். "இ.பி.எஃப். காசில 30 வீதம் எடுக்கலாமே" எண்டு சொல்லுற ஆக்களும் இருக்கினம், அது வீட்டுக்கும் வைத்தியத்துக்கும்தான், வாகனத்துக்குக் கிடையாது.

ஒரு குறிப்பிட்ட வண்டியைக் கட்டிப் பிடிக்காதேங்கோ

எங்கட இடத்தில ஒரு அட்வான்ஸ் பாஸாக இரண்டு, மூண்டு கிழமை போகும். பழைய பைக் விக்கிறவன் ஒரு கிழமைகூட பொறுக்கமாட்டான். நம்பர் பிளேட் முதற்கொண்டு எழுதிக் குடுத்த ஒராளின்ட லெட்டர் பாஸாகிற நேரம் வண்டி வித்துப்போச்சு, திரும்ப முதல்ல இருந்து லெட்டர் எழுதவேண்டி வந்தது. அதால லெட்டரில கேக்கவேண்டியது, இவ்வளவு தொகைக்கு மேற்படாமல் கொள்கையளவில அனுமதி தாங்கோ, வண்டியின்ட பத்திரங்களைக் காட்டின பிறகு விக்கிறவர் பேரில செக் எழுதுங்கோ எண்டு. பாத்த வண்டியின்ட விபரத்தை மாதிரிக்கு இணையுங்கோ.

செக்கை விக்கிறவர் பேரில எழுதச் சொல்லிக் கேக்கிறது நீங்களாவே குடுக்கிற ஒரு சலுகை. காசு வேற எங்கயும் போகாது எண்டது அதிலயே தெரியுது, நீங்கள் சத்தியம் பண்ணத் தேவையில்ல.

பத்திரம் எண்டு சொன்னா முதல்ல பாக்கிறது பதிவுச் சான்றிதழ், நாங்கள் சி.ஆர். எண்டு சொல்லுறது. அதில "அப்சலூட் ஓனர்" எண்ட இடத்தில ஏதாவது லீசிங் கம்பனியின்ட பேர் இருந்தா, விக்கிறவர் கடன் கட்டி முடிச்சு அந்தப் பேரை எடுக்காம உங்களுக்கு மாத்தேலாது. ரெவன்யூ லைசன்ஸ், புகைப் பரிசோதனைச் சான்றிதழ், இன்சூரன்ஸ் மூண்டும் காலம் முடியாம இருக்கோ எண்டும் பாருங்கோ. பிறகு உங்கட டிரைவிங் லைசன்ஸ். சிரிக்காதேங்கோ, 150 சிசி பைக்குக்கு அட்வான்ஸ் கேட்ட ஒருத்தரின்ட லைசன்ஸில ஏ1 மட்டும்தான் இருந்துது. ஏ1 எண்டா 100 சிசி வரைக்கும்தான், அதுக்கு மேல ஏ வேணும். அந்த ஃபைல் அப்பிடியே நிண்டுபோச்சு.

எப்பிடிக் கட்டுவன் எண்டதை எழுதுற விதம்

"மாதாந்தம் சிறுகச் சிறுகச் செலுத்துவேன்" எண்டு எழுதினா அது திட்டமில்ல. தொகை, எத்தனை தவணை, எந்த மாசச் சம்பளத்தில தொடங்கி எந்த மாசத்தில முடியும், இந்த நாலும் இருக்கோணும். பொடியன்டது 12,500 படி 24 தவணை, 2025 நவம்பரில தொடங்கி 2027 ஒக்டோபரில முடியும். முதல் நாலு மாசம் பண்டிகை முற்பணமும் கூட ஓடும், அப்ப கையில வாறது 58,100, மார்ச்சில இருந்து 60,600. அவன்ட வீட்டு வாடகைப் பங்கு, சாப்பாடு, அம்மாக்கு அனுப்புறது எல்லாம் 46,000க்குள்ள எண்டதால 58,100 காணும். இந்த 46,000 விபரத்தை லெட்டரில போடத் தேவையில்ல, ஆனா நீங்கள் உங்களுக்கு எண்டாலும் ஒருக்காக் கூட்டிப் பாருங்கோ, ஏனெண்டா பெற்றோலும் சேர்விஸும் இனி உங்கட தலையில, மைலேஜ் வாறது கம்பனி ஓட்டத்துக்கு மட்டும்தான், வத்தளையில இருந்து வந்து போறதுக்கு இல்ல.

சித்திரை மாசம் போனஸ் வந்தா அதில ஒரு தொகையைக் கூடக் கட்டுவன் எண்டு எழுதுறது நல்லாத்தான் இருக்கும், ஆனா போனஸ் உறுதியில்லாத காசு. "போனஸ் கிடைக்கும் பட்சத்தில் 25,000 கூடுதலாகச் செலுத்தி தவணைக் காலத்தைக் குறைத்துக்கொள்ள விரும்புகிறேன்" எண்டு விருப்பமா எழுதலாம், திட்டத்துக்க கூட்டாதேங்கோ.

வேலையை விட்டா என்ன செய்வீங்கள்? எழுதக் கூச்சமா இருக்கும், "விடப்போறன் எண்டு நினைப்பினமோ" எண்டு. எழுதாட்டித்தான் அப்பிடி நினைப்பினம். மீதியைக் கடைசிச் சம்பளத்தில எடுக்கலாம், மிச்சத்தை இத்தனை நாளுக்குள்ள கட்டுவன், இரண்டு பேர் பிணை நிக்கினம் எண்டு எழுதுங்கோ. சில பேர் ஆர்வத்தில "என்ர இ.பி.எஃப். காசில எடுத்துக்கொள்ளுங்கோ" எண்டு எழுதுவினம். அதை எழுதி ஒரு பிரயோசனமும் இல்ல. அந்தக் காசு மத்திய வங்கியில கிடக்கு, தொழில் திணைக்களத்துக்கால உங்களுக்குத்தான் வரும், கம்பனி கையைப் போட்டு எடுக்கேலாது. பணிக்கொடையையும் இதுக்குள்ள இழுக்காதேங்கோ.

பிணையாளிட்ட முதல்ல வாயால கேட்டிட்டுப் பேரை எழுதுங்கோ. தங்கட பேர் இருக்கிறது தெரியாமலே எச்.ஆர். கூப்பிட்டுக் கேட்டு முழிச்ச ஆக்களைப் பாத்திருக்கிறன்.

இனி லெட்டர்

ஒரு பக்கம், கூடிப்போனா ஒண்டேகால். உங்கட கம்பனியில எல்லாம் இங்கிலீசில எண்டா இதே ஒழுங்கில இங்கிலீசில எழுதுங்கோ. நேர மேலதிகாரி ஊடாகத்தான் அனுப்போணும், அவரைத் தாண்டிக் குடுத்தா அந்த ஒரு காரணத்துக்கே கிடப்பில போடுவினம். பொடியன் கடைசியாக் குடுத்தது இப்பிடி:

> (பெயர்), ஊழியர் இலக்கம் ....
> சேவைத் தொழில்நுட்பவியலாளர், சேவைப் பிரிவு
> 12.09.2025
>
> முகாமைத்துவப் பணிப்பாளர் அவர்கட்கு
> சேவைப் பிரிவு முகாமையாளர் ஊடாக
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> மோட்டார் சைக்கிள் வாங்க ரூபா 300,000 வாகன முற்பணம் கோரல்
>
> நான் 2020 ஜூன் முதல் சேவைப் பிரிவில் பணிபுரிகிறேன். வாடிக்கையாளர் இடங்களுக்குச் செல்வதற்காக மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்க ரூபா 300,000 முற்பணத்தை, மாதம் ரூபா 12,500 வீதம் 24 தவணைகளில் சம்பளத்திலிருந்து கழிக்கும் அடிப்படையில் தந்துதவுமாறு வேண்டுகிறேன்.
>
> தற்போது பேருந்திலும் முச்சக்கர வண்டியிலும் செல்வதால் நாளொன்றுக்கு நான்கு இடங்களுக்கு மேல் செல்ல முடிவதில்லை. கடந்த ஜூன், ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் எனது முச்சக்கர வண்டிச் செலவாக நிறுவனம் சராசரியாக மாதம் ரூபா 22,800 வழங்கியுள்ளது. சொந்த மோட்டார் சைக்கிளில் மாதம் ஏறத்தாழ 450 கிலோமீட்டருக்கு நடைமுறையிலுள்ள வீதப்படி ரூபா 12,600 ஆகும். பாரமான உதிரிப்பாகங்களுக்கும் கடும் மழை நாட்களுக்கும் முச்சக்கர வண்டிக்கு ரூபா 3,000 ஒதுக்கினாலும் மாதம் ஏறத்தாழ ரூபா 7,200 மீதமாகும்.
>
> வண்டியின் விலையும் பதிவு, காப்புறுதிச் செலவுகளும் சேர்த்து ரூபா 450,000 வரை ஆகும். இதில் ரூபா 150,000 ஐ எனது சேமிப்பிலிருந்து செலுத்துவேன். குத்தகை நிறுவனமொன்றின் விலைக்கூற்றின்படி இதே தொகைக்கு மாதத் தவணை ரூபா 16,500 ஆவதால் அது என் சம்பளத்துக்குச் சுமையாகும்.
>
> தவணைகளை 2025 நவம்பர் சம்பளத்திலிருந்து 2027 ஒக்டோபர் சம்பளம் வரை கழிக்கச் சம்மதிக்கிறேன். தற்போதுள்ள கழிவுகளுடன் சேர்த்து மொத்தக் கழிவு மாதம் ரூபா 21,900, அதாவது சம்பளத்தில் ஏறத்தாழ 27 வீதம். பண்டிகை முற்பணம் 2026 பெப்ரவரியில் முடிந்தபின் இது ரூபா 19,400 ஆகக் குறையும்.
>
> சேவையிலிருந்து விலக நேரிட்டால் மீதித் தொகையை இறுதிச் சம்பளத்தில் கழித்து, எஞ்சியதை 60 நாட்களுக்குள் செலுத்துவேன். இதற்குப் பிணை நிற்க இரு சக ஊழியர்கள் சம்மதித்துள்ளனர். அவர்களது கையொப்பம் இணைப்பில் உள்ளது. கடன் முடியும் வரை முழுக் காப்புறுதியுடன் வண்டியை வைத்திருப்பேன்.
>
> கொள்கையளவில் அனுமதி கிடைத்ததும் வண்டியின் பதிவுச் சான்றிதழைச் சமர்ப்பிப்பேன். காசோலையை விற்பவரின் பெயரிலேயே வழங்கலாம்.
>
> இப்படிக்கு,
> உண்மையுள்ள,
> (கையொப்பம்)
>
> இணைப்பு: சம்பளச் சிட்டைகள் 3, முச்சக்கர வண்டிச் செலவுச் சுருக்கம், குத்தகை விலைக்கூற்று, பார்த்த வண்டியின் விபரம், சாரதி அனுமதிப்பத்திரப் பிரதி, பிணையாளர் சம்மதம்

முதல் பந்தியிலயே தொகையும் தவணையும் வந்திடுது பாத்தீங்களே. டிரெக்டர் அதுக்குப் பிறகு வாசிக்காட்டியும் என்ன கேக்கிறான் எண்டது விளங்கிடும். வீட்டுக் கஷ்டம் ஒரு வரியும் இல்ல. அம்மாக்கு வருத்தம், தங்கச்சிக்குப் படிப்பு எண்டதெல்லாம் உண்மையா இருக்கலாம், ஆனா அதை எழுதினா வாசிக்கிறவர் "அப்ப இவனிட்ட இருந்து மாசம் 12,500 வெட்டினா அங்க என்ன நடக்கும்" எண்டுதான் யோசிப்பார்.

"கழிக்கச் சம்மதிக்கிறேன்" எண்ட சொல்லு கட்டாயம். எழுத்தில சம்மதம் இல்லாம சம்பளத்தில கை வைக்க எங்களுக்குப் பயம், லேபர் ஒபிசில கேள்வி வந்தா காட்டக் கடதாசி வேணும்.

எப்ப குடுக்கிறது

20ஆம் திகதிக்குப் பிறகு குடுக்காதேங்கோ, நாங்கள் சம்பளத்தில தலையை விட்டுக்கொண்டிருப்பம். மாசம் 5க்கும் 12க்கும் இடையில நல்லம். மார்ச் கடைசியில கணக்கு முடிக்கிற நேரம், சித்திரை போனஸ் நேரம், டிசம்பர், இந்த மூண்டும் கம்பனி கையில காசு இறுகிற காலம். குடுக்கிற அண்டைக்கு உங்களுக்கு ஒரு கொப்பியில "கிடைத்தது" எண்டு கையெழுத்தும் திகதியும் வாங்கி வையுங்கோ. இரண்டு கிழமை போய் ஒண்டும் வராட்டி மேலதிகாரிக்கு ஒரு வட்ஸ்அப், "சேர், 12ஆம் திகதி குடுத்த வாகன அட்வான்ஸ் லெட்டர் எந்த இடத்தில நிக்குது எண்டு பாத்துச் சொல்லுவீங்களோ, வேற ஏதும் பேப்பர் வேணுமெண்டா கொண்டுவாறன்." அவ்வளவு காணும், எல்லாரும் இருக்கிற குரூப்பில போட்டு வெக்கப்படுத்தாதேங்கோ.

பொடியனைக் கூப்பிட்டு டிரெக்டர் கேட்டது ஒண்டுதான், "2 லட்சம் தந்தாக் காணாதோ?" இந்தக் கேள்விக்கு முதலே மறுமொழி வச்சிருக்கோணும். 2 லட்சத்தை 12,500 படி கட்டினா 16 மாசத்தில முடியும், ஆனா மிச்சம் ஒரு லட்சத்துக்கு எங்க போறது? அவன் சொன்னான், "சேர், 2 லட்சமெண்டா பழைய வண்டிதான் எடுக்கேலும், ரிப்பேருக்கு லீவு போடவேண்டி வரும். 250,000 எண்டா நான் நகை அடகு வச்சாவது சமாளிப்பன்." நகைக் கதையைக் கேட்டிட்டு டிரெக்டர் சிரிச்சவர், 275,000க்கு ஓமெண்டார். 12,500 படி 22 தவணை, கணக்கு நேரா முடியுது. மிச்சம் 25,000க்குப் பொடியன் விக்கிறவரோட பேரம் பேசி விலையைக் கொஞ்சம் குறைச்சான், கொஞ்சம் மச்சானிட்ட வாங்கினான்.

காசு வந்த பிறகு

ஒரு ஒப்பந்தம் கையெழுத்து வைக்கச் சொல்லுவினம். அதில தொகையும் தவணை எண்ணிக்கையும் கடைசியாப் பேசினதோட பொருந்துதோ எண்டு பாருங்கோ, எங்கட இடத்திலயே பழைய 300,000ஐ அப்பிடியே விட்டு டைப் பண்ணிக் கொண்டுவந்தவை, நான் கண்டு பிடிச்சது. வட்டி இல்லையெண்டா "வட்டியற்ற" எண்ட சொல்லு இருக்கோணும். தொகை போடாத வெத்துத் தாளில கையெழுத்துக் கேட்டா வைக்காதேங்கோ, மரியாதையா "இலக்கத்தைப் போட்டுத் தாங்கோ சேர், வைக்கிறன்" எண்டு சொல்லலாம்.

சில கம்பனி சி.ஆரில அப்சலூட் ஓனரா தங்கட பேரைப் போடச் சொல்லும், அது நியாயம்தான், கடன் முடியும் வரை நீங்கள் அவையைக் கேக்காம விக்கேலாது, அவ்வளவுதான். வேற சில இடத்தில ஒரிஜினல் சி.ஆரை வாங்கி வைப்பினம். எதெண்டாலும் கைமாறின 14 நாளுக்குள்ள பேர் மாத்துற வேலையை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில தொடங்குங்கோ, விக்கிறவர் கையெழுத்து வைக்கிற படிவமும் உங்கட படிவமும் காசு குடுக்கிற அண்டைக்கே நிரப்பி எடுத்தாத்தான் பிறகு அவரைத் தேடி அலையத் தேவையில்ல. வண்டி களவு போனாலும் தவணை நிக்காது, அதுக்குத்தான் மூண்டாம் தரப்புக் காப்புறுதி காணாது எண்டு லெட்டரில முழுக் காப்புறுதி எழுதினது.

ஒவ்வொரு மாசச் சிலிப்பிலயும் "வாகன முற்பணம்" எண்டு தனி வரியும் மீதித் தொகையும் வருதோ எண்டு பாருங்கோ. மீதி காட்டாத சிலிப்பெண்டா ஒரு கொப்பியில நீங்களே எழுதி வாங்கோ, ஏனெண்டா சிஸ்டம் தானா நிக்காம 23ஆவது தவணையும் வெட்டினது நடந்திருக்கு, கேட்டாத்தான் திரும்பி வரும். கடைசித் தவணை வெட்டுப்பட்ட மாசம் எச்.ஆரிட்ட நிலுவை இல்லை எண்டு ஒரு கடிதம் எடுங்கோ, சி.ஆரில கம்பனி பேர் இருந்தா அதை நீக்கிறதுக்கான கடிதத்தையும் அண்டைக்கே கேளுங்கோ, இரண்டு வருசம் கழிச்சு வண்டி விக்கிற நேரம் போய் நிண்டா கையெழுத்து வைக்கிற டிரெக்டர் மாறியிருப்பார்.